பருத்தியில் மஞ்சள் நிறம் வெயிலில் நிற்க வழி என்ன? கடுக்காய், படிகாரம், பலா மரத்தூள் பற்றி

மஞ்சள்நூல் (சுங்கை சிப்புட்)

வணக்கம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது தாமானாக மாறிவிட்ட ஓரிடத்தில், நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு தையல் கூடம் நடத்தி வருகிறோம். எங்கள் கோயில் தீமிதித் திருவிழாவுக்கு, முன்வாசலில் கட்டும் தொங்கல்களையும் தொண்டர்கள் தோளில் போடும் துண்டுகளையும் காடாத் துணியில் தைத்து, செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயத்திலேயே மஞ்சளாக்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறோம். சமையல் மஞ்சள் தூளைக் கொதிக்கவைத்து அந்நீரில் துணியை ஊறவைத்தபோது கண்ணைப் பறிக்கும் நிறம் கிடைத்தது. ஆனால், வெயில் படும் கொடியில் சில நாள் தொங்கிய மாதிரித் துண்டு வெளிறிப்போய், மடிப்புக்குள் இருந்த பகுதி மட்டும் மஞ்சளாக நின்றது. சோப்புப் போட்டால் செங்காவி நிறமாக மாறுகிறது. சாயத்தை உறுதிப்படுத்தும் பொருள் எதையேனும் சேர்த்தால் இந்த மஞ்சளை நிறுத்த முடியுமா, அல்லது வேறு செடிக்குப் போக வேண்டுமா என்பதே என் கேள்வி.

பால்கொட்டாய் (கோல கங்சார்)

தங்கையே, கவலை வேண்டாம். சாயத்தில் தோய்த்து எடுத்ததும், ஒரு வாளி நீருக்கு ஒரு கோப்பைச் சுக்கா என்ற அளவில் கலந்து, இரண்டு கைப்பிடி உப்பும் போட்டு, அதில் துணியை ஊறவைத்தால் நிறம் பிடித்துக்கொள்ளும். என் மனைவி இப்படித்தான் செய்கிறார். சோப்பினால் சிவந்த துணி சுக்கா நீரில் போட்ட உடனே பழைய மஞ்சளுக்குத் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். சுக்கா கிடைக்காவிட்டால், கித்தாப் பாலை உறையவைக்கும் ஆசிட்டை மிகவும் நீர்த்துப் பயன்படுத்தினாலும் இதே பலன் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

கோயில்மணி (பீடோர்)

மஞ்சளில் நனைத்த துணி காப்புக்கும் நேர்த்திக்கும் உரியது. அந்த நிறம் வெளிறுவது குறையன்று. விரதம் முடிந்ததும் அது போவதுதான் முறை. அதை நிலைநிறுத்த முயல்வது தேவையற்றது என்பது என் கருத்து. காப்புக் கட்டும் துணிக்கு வேறு எந்தச் சாயத்தையும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மஞ்சள்நூல்

ஐயா, காப்புத் துணியில் நாங்கள் கை வைக்கவில்லை. அதற்கு வழக்கம்போல் மஞ்சள்தான். நான் கேட்பது வாசலில் வெயிலில் தொங்கும் துணியையும், வியர்வையில் நனைந்து பலமுறை துவைக்கப்படும் தோள்துண்டையும் பற்றி.

இழைக்கூடம் (ஈப்போ)

நான் நெசவாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அம்மா, நீங்கள் சொன்ன இரண்டும் இரண்டு வெவ்வேறு கேடுகள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் தீர்வு புலப்படும்.

வெயிலில் வெளிறுவது, மஞ்சளில் நிறம் தரும் குர்குமின் என்னும் மூலக்கூறே ஒளியால் சிதைந்துபோவதால் நேர்கிறது. துணியோடு அது எவ்வளவு இறுகப் பற்றியிருந்தாலும், மூலக்கூறு உடைந்தபின் நிறம் இருக்காது. ஆகவே உறுதிப்படுத்தும் பொருளால் இதை நிறுத்த முடியாது. ஒளி உறுதியை 1 முதல் 8 வரை அளக்கும் அளவுகோலில் மஞ்சள் பெரும்பாலும் 1, 2 என்ற அடிப்படிகளிலேயே நிற்கிறது. படிகாரம் சேர்த்தாலும் பெரிதாக உயர்வதில்லை.

சோப்பில் சிவப்பது வேறு செய்தி. குர்குமின் காரத்தில் சிவக்கும், அமிலத்தில் மீண்டும் மஞ்சளாகும். பால்கொட்டாய் அண்ணன் கண்ணால் கண்டது உண்மைதான். ஆனால் சுக்கா அங்கே நிறத்தைத் திருப்பியதே தவிரப் பிடித்துவைக்கவில்லை. அடுத்த முறை சோப்புப் பட்டால் மறுபடியும் சிவக்கும். உப்பைப் பற்றிய நம்பிக்கை கடைச் சாயங்களிலிருந்து வந்தது. பருத்திக்கென்று செய்யப்பட்ட அந்தச் சாயங்களுள் பலவற்றை நீரிலிருந்து நூலை நோக்கித் தள்ள உப்பு உதவும். மரப்பட்டை, மரத்தூள், பூ ஆகியவற்றின் சாயத்துக்கு அது உதவுவதில்லை. கித்தா ஆசிட்டைத் தயவுசெய்து கிட்டே கொண்டுவராதீர்கள். படிகாரம் ஏற்றிய துணியில் அது பட்டால், நூலில் அமர்ந்த அலுமினியம் கரைந்து வெளியேறும், அதைப் பற்றியிருந்த சாயமும் கூடவே போகும். கைக்கும் மூச்சுக்கும் அது ஆபத்து என்பதைப் பால்கொட்டாயில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே செடியை மாற்ற வேண்டும். நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது பலா மரம். புத்தபிக்குகளின் ஆடைக்குக் காவியேற்ற நெடுங்காலம் பயன்பட்ட சாயம் அது. மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதியின் தூள் மட்டுமே வேண்டும். வெளிப்புற வெள்ளை மரத்தில் நிறம் இல்லை. ஆனால் பலாவின் சாயம் மஞ்சள்தூளைப் போலத் தானாகப் பருத்தியில் ஒட்டாது. இடையில் ஓர் உலோகம் பாலம் போட வேண்டும். அதைத்தான் நிறமூன்றி என்கிறோம்.

சங்குப்பூ (தெலுக் இந்தான்)

இடையில் என் அனுபவத்தையும் சொல்கிறேன். குழந்தைக்கான போர்வையைச் சங்குப்பூ நீரில் தோய்த்தேன். படிகாரமும் போட்டேன். அழகான நீலம் வந்தது. ஆனால் துவைத்ததும் பச்சை கலந்த சாம்பலாகிவிட்டது. படிகாரம் போட்டும் ஏன் நிற்கவில்லை? பலாவும் இப்படித்தான் ஏமாற்றுமோ என்று அஞ்சுகிறேன்.

இழைக்கூடம்

சங்குப்பூவின் நீலம் சோப்பின் காரத்துக்கும் எலுமிச்சையின் புளிப்புக்கும் நிறம் மாறும் வகை. ஒளியிலும் விரைவில் போகும். எந்த நிறமூன்றியும் அதைக் காப்பாற்றாது. நசி கெராபுச் சோற்றுக்கு நிறமேற்ற அது போதும், துணிக்கு வேண்டாம். நிலையான நீலம் வேண்டுமானால் அவுரிக்குப் போக வேண்டும். அதன் செய்முறை முற்றிலும் வேறு, நிறமூன்றியே தேவையில்லை. தனி இழையில் பேசலாம்.

பலாவுக்குத் திரும்புகிறேன். கம்பளியும் பட்டும் புரதம். அவை படிகாரத்தைத் தாமாகவே பற்றும். பருத்தி அப்படியன்று. வெறும் படிகார நீரில் ஊறவைத்த பருத்தியை அலசினால், ஏறியதில் பெரும்பகுதி அலசும் நீரோடு போய்விடும். அதனால் முதலில் துவர்ப்புச் சத்தை நூலில் ஏற்றி, அதன்மேல் படிகாரத்தை அமர்த்துவது நம் நாட்டுச் சாயக்காரர்களின் பழைய வழி. கடுக்காய் அதற்குத்தான். நாட்டு மருந்துக்கடையில் கொட்டை நீக்கிய தூளாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கிலோ உலர்ந்த துணிக்குக் கணக்குச் சொல்கிறேன். காடாத் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும். 20 கிராம் சோடா ஆஷும் சிறிது சோப்பும் போட்டு, துணி தாராளமாகப் புரளும் அளவு நீரில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கொதிக்கவையுங்கள். நீர் பழுப்பாக மாறும். அந்த அழுக்கு போகாமல் எந்தச் சாயமும் சமமாக ஏறாது. அலசி உலர்த்திய துணியின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உருண்டு நிற்காமல் உடனே உள்ளிறங்க வேண்டும். நின்றால் மறுபடியும் கொதிக்கவையுங்கள்.

அடுத்து 150 கிராம் கடுக்காய்த் தூளை இரவே ஊறவைத்து, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் துணியை ஓரிரு மணி நேரம் அதில் புரட்டிக்கொண்டே இருங்கள். பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். துணி வெண்ணெய் நிறமாகியிருக்கும்.

பிறகு 150 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, 20 கிராம் சோடா ஆஷைத் தனியே கரைத்து, இரண்டாவதை முதலாவதில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நுரை பொங்கும் என்பதால் ஆழமான பாத்திரம் வேண்டும். சோடா படிகாரத்தின் புளிப்பைத் தணிப்பதால் அலுமினியம் பருத்தியில் எளிதாக அமர்கிறது. நுரை அடங்கியபின்னும் தயிர்போல வெள்ளை மிதந்தால் சோடா மிஞ்சிவிட்டது என்று பொருள். அந்த வெள்ளை துணியின் மேற்பரப்பில் தூளாக ஒட்டி, பின்னர் சாயத்தையும் கூட்டிக்கொண்டு உதிரும். தெளிந்த நீரில் துணியை இரவு முழுவதும் ஊறவைத்து, பிழிந்து, உலர்த்தி, சாயமேற்றும் முன் நன்றாக அலசுங்கள்.

பலாத்தூள் துணியின் எடைக்குச் சம எடை போதும். ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டுங்கள். கொதிநிலைக்குக் கீழே, ஆவி பறக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் சாயமேற்றி, அந்த நீரிலேயே ஆறவிடுங்கள்.

பத்தேக்கரை (கோத்தா பாரு)

இழைக்கூடம் ஐயாவின் முறை சரியே. ஆனாலும் இரண்டு இடங்களில் நான் வேறுபடுகிறேன். பத்தேக் பட்டறையில் நாங்கள் படிகாரத்துக்குப் பதிலாக அலுமினியம் அசிடேட்டைப் பயன்படுத்துகிறோம். துணியின் எடையில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு போதும், நிறமும் ஆழமாக ஏறும். அதன்பின் துணியை உலர்த்தி, சுண்ணாம்புக்கல் தூளை லிட்டருக்கு 10 கிராம் அளவில் வெதுவெதுப்பான நீரில் கலக்கி, அதில் சில நிமிடங்கள் புரட்டி எடுக்கிறோம். நூலில் அமர்ந்த அலுமினியம் அங்கேயே இறுகி நிற்கவும், அமராதது கழியவும் இது உதவுகிறது. கோதுமைத் தவிட்டு நீரும் அதே வேலையைச் செய்யும். பள்ளிச் சாக்கட்டியை இடித்துப் போட வேண்டாம். அது பெரும்பாலும் ஜிப்சம். வெற்றிலைச் சுண்ணாம்பும் கூடாது, அதன் காரம் மிகக் கடுமையானது.

இரண்டாவது, கடுக்காய். நூற்றுக்கு 15 பங்கு என்பது தெளிவான மஞ்சளுக்கு அதிகம் என்று கருதுகிறேன். துவர்ப்பு மிஞ்சினால் துணி நாளடைவில் பழுப்பேறும். நான் அதில் பாதிதான் போடுவேன்.

இழைக்கூடம்

அசிடேட் சிறந்ததுதான், ஆனால் ஒரு தோட்டத்து ஊரில் அதை எந்தக் கடையில் கேட்பது? படிகாரம் எங்கும் கிடைக்கிறது. கடுக்காயின் அளவைப் பொறுத்தவரை, குறைத்தால் சலவை உறுதி குறையும் என்பது என் எண்ணம். இரண்டு அளவிலும் மாதிரி செய்து பார்ப்பதே நேர்மையான வழி.

மஞ்சள்நூல்

மாதிரி செய்தேன். ஒரு சிக்கல். கடுக்காய் நீரில் போட்ட துணி வெண்ணெய் நிறமாகாமல் அழுக்குச் சாம்பலாக வந்தது. பலாவில் தோய்த்தபின் மஞ்சளுக்குப் பதிலாக இலைப்பச்சை கலந்த மங்கல் நிறம். பாத்திரம் எவர்சில்வர்தான். படிகாரம் கெட்டுப்போயிருக்குமா?

இழைக்கூடம்

படிகாரம் கெடாது. எந்த நீரைப் பயன்படுத்தினீர்கள்?

மஞ்சள்நூல்

வீட்டுப் பின்புறக் குழாய்க் கிணற்று நீர். வாளியின் அடியில் செம்மண் நிறத்தில் படியும், ஆனால் நீர் தெளிவாகத்தான் இருக்கும்.

இழைக்கூடம்

அந்தச் செம்படிவு இரும்பு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமை. பழங்காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் செய்தார்கள். சோதிப்பது எளிது. ஒரு கண்ணாடிக் குவளையில் கிணற்று நீர், மற்றொன்றில் மழைநீர் எடுத்து, இரண்டிலும் வடிகட்டிய கடுக்காய் நீரைச் சில சொட்டு விட்டு, வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள். எது சாம்பல் நீலமாகக் கருக்கிறதோ அந்த நீர் மஞ்சளுக்கு ஆகாது. மழைநீரைத் தகரக் கூரையிலிருந்து பிடித்தால் துருப்பிடித்த கூரையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பால்கொட்டாய்

அப்படியானால் இரும்பு கெடுதல் என்று பொருளா? என் பாட்டி துருப்பிடித்த ஆணியைப் போட்டுத்தான் வேட்டிக்குக் காவி ஏற்றுவார் என்று கேட்டிருக்கிறேன்.

பத்தேக்கரை

கெடுதல் இல்லை, அண்ணா. அது வேறு நிறம், அவ்வளவே. இரும்பு சேர்ந்தால் மஞ்சள் மங்கி ஆலிவ் நிறமாகும், ஆனால் பெரும்பாலும் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். உலோகம் எது என்பதும் ஒளி உறுதியை மாற்றுகிறது. படிகாரத்தில் கிடைக்கும் மஞ்சள் தெளிவானது, ஆனால் இரும்பைவிட விரைவில் வெளிறும். இரும்பை அளவுக்கு மீறினால் பருத்தி நூலே நாளடைவில் அரிபட்டுப் போகும். நூற்றுக்கு 2 பங்கைத் தாண்ட நான் விடுவதில்லை.

மஞ்சள்நூல்

கோயில் வாசலுக்கு ஆலிவ் நிறத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மழைநீரில் மறுபடி செய்கிறேன். எது எவ்வளவு நிற்கிறது என்பதை வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

இழைக்கூடம்

சோதனைக்கூடத்தில் ஒளிக்கு ISO 105-B02, சலவைக்கு ISO 105-C10, உராய்வுக்கு ISO 105-X12 என்ற முறைகளைப் பின்பற்றுவோம். வீட்டில் அதே எண் கிடைக்காது, ஆனால் எது மேல், எது கீழ் என்ற வரிசை கிடைக்கும். உங்களுக்கு வேண்டியதும் அதுவே.

ஒளிக்கு, நீலக் கம்பளிப் பட்டைகள் என்று எட்டுத் துண்டுகள் விற்கிறார்கள்; ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு நேரம் தாங்குமாறு சாயமேற்றப்பட்டவை. உங்கள் மாதிரிகளையும் அந்தப் பட்டைகளையும் ஒரே அட்டையில் ஒட்டி, எல்லாவற்றிலும் பாதியைக் கறுப்புத் தடித்தாளால் மூடி, வெயில் விழும் சன்னல் கண்ணாடிக்கு உள்ளே வையுங்கள். மழை படக்கூடாது, மாதிரிகள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் விழக்கூடாது. அவ்வப்போது மூடியை நீக்கிப் பார்த்து, உங்கள் மாதிரியில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேறுபாடு முதன்முதலில் தெரியும்போது எந்த நீலப் பட்டையிலும் அதே அளவு வேறுபாடு இருக்கிறதோ அதுவே உங்கள் படி. நாள் கணக்கு வைக்காதீர்கள். மேகம் மூடிய வாரமும் வெயில் வாரமும் ஒன்றல்ல, பட்டை இரண்டையும் ஈடுசெய்துவிடும்.

சலவைக்கு, 10 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மாதிரியை அதே அளவு வெள்ளைப் பருத்தியோடு சேர்த்து ஓரத்தில் தைத்து, லிட்டருக்கு 5 கிராம் சோப்புக் கரைத்த நீரில், 40 பாகைச் சூட்டில் 30 நிமிடம், மூடிய போத்தலில் குலுக்கிக்கொண்டே இருங்கள். பிறகு இரண்டு கேள்விகள்: சாயத்துணி எவ்வளவு மாறியது, வெள்ளைத்துணியில் எவ்வளவு ஏறியது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். நிறம் மாறாமல் வெள்ளையில் மட்டும் ஏறினால், அது ஊன்றாமல் மேலே கிடந்த சாயம். இன்னும் அலசியிருக்க வேண்டும். வெள்ளை சுத்தமாக இருந்து நிறம் மட்டும் மாறினால், சாயமே சோப்புக்கு மாறுகிறது.

தோள்துண்டுக்கு உராய்வும் முக்கியம். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஒரே அழுத்தத்தில் பத்து முறை தேயுங்கள், உலர்ந்தபடி ஒருமுறை, நனைத்து ஒருமுறை. பொதுவாக நனைத்ததுதான் மோசமாக இருக்கும்.

மஞ்சள்நூல்

எல்லோருக்கும் நன்றி. மழைநீரில் செய்த மாதிரிகளின் நிலையைச் சொல்கிறேன். கடுக்காய் இரண்டு அளவிலும் வெண்ணெய் நிறமாகவே வந்தது. பலா அதன்மேல் பொன்மஞ்சளாக ஏறியது. மஞ்சள்தூள் மாதிரிகளில் சுக்கா போட்டது, படிகாரம் போட்டது, ஒன்றும் போடாதது ஆகிய மூன்றும் முதல் நீலப் பட்டையோடு சேர்ந்தே வெளிறிவிட்டன; மூன்றுக்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. பலா மாதிரிகள் மூன்றாம் பட்டை மாறத் தொடங்கியபோதுதான் மாறின. ஆனால் அவை வெளிறவில்லை, சற்றுப் பழுப்பாகின. கடுக்காய் முழு அளவு போட்டதில் பழுப்பு அதிகம்.

சலவையில் தலைகீழ். முழு அளவு போட்டதன் வெள்ளைத்துணி ஏறக்குறைய சுத்தம். பாதி அளவு போட்டதில் இலேசான மஞ்சள் ஏறியிருந்தது. நனைத்துத் தேய்த்தபோது இரண்டும் சிறிது விட்டன.

பத்தேக்கரை

நான் சொன்ன பழுப்பு அதுதான். பாதி அளவு மாதிரியைச் சாயமேற்றியபின் இன்னும் ஒருமுறை, சூடான நீரில் காரமற்ற சோப்பில் அலசிவிட்டு, மறுபடி சலவைச் சோதனை செய்யுங்கள். மிஞ்சிக் கிடந்த சாயம்தான் வெள்ளையில் ஏறியது என்று நினைக்கிறேன்.

இழைக்கூடம்

அது இருக்கலாம், துவர்ப்புக் குறைவால் அலுமினியம் குறைவாக அமர்ந்ததும் காரணமாக இருக்கலாம். மறுபடி அலசியபின் வெள்ளை சுத்தமானால் பத்தேக்கரை சொல்வது சரி. நிறமும் சேர்ந்து வெளிறினால் நான் சொல்வது சரி. அதுவரை, அம்மா, இரண்டு துணிக்கும் ஒரே முறையை வைக்க வேண்டியதில்லை. வாசல் தொங்கலைத் துவைக்கப் போவதில்லை, வெயில்தான் அதற்குப் பகை. ஆகவே பாதிக் கடுக்காய். தோள்துண்டைத் துவைப்பீர்கள், நிழலில் மடித்து வைப்பீர்கள். ஆகவே முழுக் கடுக்காய். துண்டை வியர்வைக்கும் சோதிக்க வேண்டும். ஒருவர் மாதிரித் துண்டை வெள்ளைச் சட்டைக்குள் கழுத்தோரம் வைத்து ஒரு பிற்பகல் வேலை செய்து பார்த்தால் ஓரளவு தெரியும்.

கோயில்மணி

தொங்கலுக்கு என்றால் எனக்கு மறுப்பில்லை. எங்கள் கோயிலில் பழைய பலா ஒன்றை வெட்டப் போகிறார்கள். நடுமரத் தூள் எவ்வளவு வேண்டும்?

மஞ்சள்நூல்

மிக்க நன்றி, ஐயா. துணி மொத்தம் 12 கிலோ இருக்கும். அதே எடைத் தூள் வேண்டும். வெளிமரம் கலக்காமல், வெட்டும்போதே மஞ்சள் பகுதியைத் தனிச் சாக்கில் பிடித்துத் தரச் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும். அறுக்கும் இடத்தில் இரும்புத் துகள் விழாத சுத்தமான தரையாக இருக்கட்டும்.